சொல்லாமலே தெரியும் கடந்தகாலம்: ஒரு கோத்தகிரிக் கதாபாத்திரத்தை வைத்து முழுமையான வழிகாட்டி

ஒரு கதாபாத்திரத்துக்குப் பழைய காயம் ஒன்று இருக்கிறது. அது எழுத்தாளருக்குத் தெரியும், வாசகருக்குச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் அவள் நடப்பது, பேசுவது, பேருந்துக்குக் காத்திருப்பது எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும். இதைச் செய்வது எப்படி என்று ஒரே ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்க்கலாம். பல உதாரணங்களை மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒன்றை முழுதாகச் செய்து பார்ப்பதில்தான் இந்த வேலை பிடிபடும்.

நம் கதாபாத்திரத்தின் பெயர் ராசம்மா. கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். கதை நடப்பது 1999. அவளுக்கு வயது 37. மகள் செல்வி நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போகப்போகிறாள். கதையில் வெளியே நடப்பது இவ்வளவுதான்.

முதலில் எழுத வேண்டியது மூன்று வாக்கியம்

கதாபாத்திரத்தின் பிறப்பு முதல் இன்றுவரை பத்துப் பக்கத்துக்கு வாழ்க்கை வரலாறு எழுதச் சொல்பவர்கள் உண்டு. மறைந்த கடந்தகாலத்துக்கு அது உதவாது என்பது என் கருத்து. பத்துப் பக்கம் எழுதியவருக்கு அதில் எட்டையாவது கதைக்குள் நுழைக்க வேண்டும் என்று கை அரிக்கும். மூன்று வாக்கியம் போதும்: என்ன நடந்தது, அப்போது அவள் என்ன செய்தாள், அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தாள்.

ராசம்மாவுக்கு இப்படி எழுதலாம்.

ஒன்று: 1974இல், அவளுக்குப் பன்னிரண்டு வயதில், இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அவள் குடும்பம் இந்தியாவுக்குக் கிளம்பியது, அப்பாவின் அம்மாவான அப்பாயி சித்தப்பாவின் குடியுரிமை மனுவில் இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார்.

இரண்டு: லாரியில் ஏற்றுவதற்குக் கணக்கப்பிள்ளை பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டபோது ராசம்மா அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், தன் பெயர் கேட்டதும் கையை உதறிவிட்டு ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று: பெயர் கூப்பிட்டால் அந்த நொடியே போய் நிற்க வேண்டும், ஆகவே யார் கையையும் பிடிக்கக் கூடாது.

இந்த மூன்றில் முதல் வாக்கியத்துக்கு மட்டும் வரலாறு தேவைப்படுகிறது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த ஏறக்குறைய 9,75,000 மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கதி 1974இல் இன்னொரு ஒப்பந்தம் வரும்வரை தொங்கிக்கொண்டிருந்தது. யார் எந்த மனுவில் இருந்தார்கள் என்பதை வைத்தே யார் எங்கே என்பது முடிவானது. ஒரே வீட்டில் ஒருவர் இந்தியா, இன்னொருவர் இலங்கை என்று ஆனது அப்படித்தான். தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம், அங்கிருந்து மலைக்கு. நீலகிரியில் இவர்களைக் குடியமர்த்துவதற்காகவே 1968இல் தொடங்கிய அரசு தேயிலைத் திட்டம்தான் பிறகு தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஆனது.

இந்தத் தகவல்களில் ஒன்றுகூடக் கதைக்குள் வர வேண்டிய அவசியமில்லை. ஆனால் எழுதுபவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். 1974இல் வந்தவள் தனுஷ்கோடியில் இறங்கினாள் என்று வாய்தவறிக்கூட எழுதக் கூடாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டது. மறைத்து எழுதும் கதையில் தகவல் பிழை ஒன்று இருந்தால், விவரம் தெரிந்த வாசகர் அதையே பெரிய துப்பு என்று நினைத்துத் தவறான திசையில் போய்விடுவார்.

இரண்டாவது வாக்கியத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். அதில் அவள் தானே ஏதோ செய்திருக்கிறாள். "அப்பாயியை விட்டுவிட்டு வர நேர்ந்தது" என்று எழுதியிருந்தால் அவளுக்குத் துக்கம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். துக்கம் ஒருவரை அழவைக்கும். தினசரி நடத்தையை வளைக்க அது பெரும்பாலும் போதாது. கையை உதறியது அவள். அதை யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள், அப்பாயி மன்னித்திருப்பார். ஆனால் அவளுக்குத் தெரியும். நடத்தையை வளைப்பது பெரும்பாலும் தான் செய்ததுதான்.

மூன்றாவது வாக்கியம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எடுத்த முடிவு. அதனால்தான் அது கோணலாக இருக்கிறது. பெரியவர்கள் இதே நிகழ்விலிருந்து வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள்: அரசாங்கம் குடும்பங்களைப் பிரித்தது, நாம் என்ன செய்ய முடியும் என்று. பிள்ளைக்கு அரசாங்கம் தெரியாது. பெயரும் கையும்தான் தெரியும். உங்கள் கதாபாத்திரத்தின் முடிவு மிகவும் நியாயமானதாக, எல்லோரும் தலையாட்டக்கூடியதாக இருந்தால் அது கதைக்கு வேலை செய்யாது. அந்த வயதுக்கும் அந்தக் கணத்துக்கும் மட்டும் பொருந்துகிற, இன்றைக்குப் பொருந்தாத முடிவாக இருக்க வேண்டும்.

எதைச் சொல்லிவிடலாம், எதை மறைக்க வேண்டும்

இந்த இடத்தில் பலர் எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள். ராசம்மா சிலோனிலிருந்து வந்தவள் என்பதையே கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைத்து, அங்கே திரையைத் தூக்குவார்கள். அப்போது கதை விடுகதை ஆகிவிடுகிறது. வாசகர் ராசம்மாவைப் பார்ப்பதை விட்டுவிட்டு விடையைத் தேட ஆரம்பிக்கிறார்.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வாழும் லைன் வீடுகளின் வாழ்க்கையே இதற்கு வழி சொல்கிறது. அங்கே பாதிக் குடும்பங்கள் அதே கப்பலில் வந்தவை. ராசம்மா சிலோன்காரி என்பது ரகசியமே இல்லை. மேஸ்திரிக்குத் தெரியும், ரேஷன் கடைக்காரருக்குத் தெரியும், செல்வியின் பள்ளியில் தெரியும். ஆகவே அதை முதல் பக்கத்திலேயே, போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். "மண்டபத்தில் கொடுத்த அட்டையை அவள் இன்னும் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள்" என்று ஒரு வரி போதும். வெளியே தெரிந்த கடந்தகாலத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டால், உள்ளே இருக்கும் கடந்தகாலத்தை யாரும் தோண்ட மாட்டார்கள். வாசகருக்குத் தேவையான பின்னணி கிடைத்துவிட்டது, அவர் திருப்தியாகிவிடுவார். கை உதறிய கணம் மட்டும் உங்களிடம் இருக்கும்.

இதனாலேயே இன்னொரு பழக்கத்தையும் கைவிட வேண்டும். இரண்டு பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டே, "ஒனக்குத் தெரியாதா, ராசம்மா அங்கேருந்து வரும்போது…" என்று பேசிக்கொள்வது. எல்லோருக்கும் தெரிந்ததை அங்கே யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் அக்கரையில் தங்கிப்போயிருக்கும்போது, அடுத்த வீட்டைப் பார்த்து 'ஒங்க வீட்டுல யாரு நின்னுட்டாங்க?' என்று கேட்பதும் இல்லை.

முடிவைப் பழக்கமாக மாற்றுவது

இப்போது அந்த மூன்றாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டு, 37 வயதுப் பெண்ணின் ஒரு நாளில் அது எங்கெல்லாம் வெளிப்படும் என்று பட்டியல் போடுங்கள். இருபது கிடைக்கும். அதில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூன்று என்பதற்கு எனக்கு ஒரு கணக்கு உண்டு: ஒன்று அவளுக்கு நன்மை தருவது, ஒன்று அவளுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ நஷ்டம் தருவது, ஒன்று யாருமே கவனிக்காதது.

நன்மை தருவது: காலையில் மஸ்டரில் பெயர் கூப்பிடும்போதும், கொழுந்து எடை போடும் இடத்திலும் ராசம்மா எப்போதும் முன்னால் நிற்கிறாள். பெயரின் முதல் எழுத்து மேஸ்திரி வாயிலிருந்து வரும் முன்பே "இருக்கேங்க" என்கிறாள். இதற்காகவே அவளைச் சுறுசுறுப்பானவள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எடை போடுபவர் அவள் மூட்டையை முதலில் எடுக்கிறார், ஈரத்துக்கென்று கழிக்கும்போது அவளிடம் கொஞ்சம் இரக்கமாகவும் இருக்கிறார்.

நஷ்டம் தருவது: மகளின் கையை அவள் பிடித்ததில்லை. சிறுவயதில் சாலையைக் கடக்கும்போது சட்டைத் தோளைப் பிடிப்பாள், பிறகு பைவாரைப் பிடிப்பாள். செல்விக்கு அம்மா கொஞ்சம் விலகியவள் என்ற எண்ணம் உண்டு. ஆனால் அது புகார் சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை.

யாரும் கவனிக்காதது: எங்கே உட்கார்ந்தாலும் அவள் முழுதாக உட்கார மாட்டாள். திண்ணையின் ஓரத்தில், பெஞ்சின் நுனியில், ஒரு கால் ஏற்கனவே எழுந்துவிட்டதுபோல.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. இந்த வேலையில் மிக முக்கியமானது அதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பழக்கத்துக்கும் இன்றைய வாழ்க்கையிலேயே ஒரு நியாயமான காரணம் இருக்க வேண்டும். மஸ்டரில் முந்தி நிற்பதற்குக் காரணம், தாமதமானால் நல்ல நிரை கிடைக்காது என்பது. கையைப் பிடிக்காததற்குக் காரணம், இரண்டு கையிலும் சாமான். நுனியில் உட்கார்வதற்குக் காரணம், அடுப்பில் எப்போதும் ஏதோ இருக்கிறது. இந்த மேல்காரணம் இருக்கும்வரை வாசகர் கண்ணில் அது விசித்திரமாகப் படாது. மேல்காரணம் இல்லாத பழக்கம் கையில் பலகை பிடித்து நிற்கும்: "எனக்கு ஒரு ரகசியம் உண்டு, கண்டுபிடி" என்று.

பிறகு ஒரே ஒரு தடவை, மேல்காரணம் இல்லாத இடத்திலும் அந்தப் பழக்கம் தொடர்வதைக் காட்ட வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்கும்போதும் அவள் கையைப் பிடிக்கவில்லை. அங்கேதான் வாசகருக்கு உறைக்கும்.

அந்த ஒரு காட்சி: மூன்று வடிவங்கள்

கோத்தகிரிப் பேருந்து நிலையம். மேட்டுப்பாளையம் வண்டியில் செல்வி ஏறப் போகிறாள். முதல் வரைவில் பெரும்பாலும் இப்படி வரும்:

> வண்டி கிளம்பத் தயாரானது. செல்வி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். ராசம்மா தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஏனோ அவளுக்கு அட்டனில் லாரி ஏறிய நாள் நினைவுக்கு வந்தது. அன்று அப்பாயியின் கையை உதறிவிட்டு ஓடியவள் அல்லவா அவள்? அதன்பிறகு யார் கையையும் அவள் தொட்டதில்லை.

எல்லாம் சொல்லியாகிவிட்டது. அதோடு, இதற்கு முன்னால் வந்த நல்ல காட்சிகளும் பின்னோக்கிக் கெட்டுப்போகின்றன. மஸ்டரில் முந்தி நின்றதற்கும் இப்போது விளக்கவுரை கிடைத்துவிட்டது.

விளக்கம் கூடாது என்று தெரிந்த பிறகு பலர் எழுதுவது இது:

> ராசம்மா கையை நீட்டவில்லை. அவள் கண்கள் எங்கோ தொலைவில் நிலைத்திருந்தன. நெஞ்சுக்குள் ஏதோ பிசைந்தது… சில கதவுகளைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

இது முதலாவதைவிட மோசம். முதலாவதிலாவது ஒரு லாரி இருந்தது. இங்கே எதுவும் இல்லை; இருக்கிறது என்ற அறிவிப்பு மட்டும் இருக்கிறது. தமிழில் இந்த அறிவிப்புக்கென்றே தேய்ந்த சொற்கள் சில உள்ளன: ஏனோ, ஏதோ, என்னவோ, இனம் புரியாத, சொல்லத் தெரியாத, பிறகு மூன்று புள்ளிகள். எழுதி முடித்ததும் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். இவை நிற்கும் இடங்களில் பத்துக்கு எட்டு, நீங்கள் ஒரு செயலைக் கண்டுபிடிக்காமல் நழுவிப்போன இடங்களாக இருக்கும்.

மூன்றாவது வடிவம்:

> மேட்டுப்பாளையம் வண்டி பின்னால் வந்து நின்றது. கண்டக்டர் இறங்குவதற்குள் ராசம்மா படிக்கட்டருகே போய்விட்டாள். செல்வியின் பைவார் அவள் பிடியில் இருந்ததால் செல்வியும் இழுபட்டுப் போனாள்.
>
> "அம்மா, இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்மா."
>
> "இருக்கட்டும். நீ ஏறி உக்காரு."
>
> செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிகளுக்கு நடுவே கையை வெளியே நீட்டினாள். ராசம்மா அதில் முறுக்குப் பொட்டலத்தை வைத்தாள். கை உள்ளே போனது. பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு மறுபடி வெளியே வந்தது.
>
> "மார்க் சீட்டு எந்தப் பையில இருக்கு?"
>
> "சின்னதுல."
>
> "எடுத்துப் பாரு."
>
> "அம்மா…"
>
> "பாத்துச் சொல்லு புள்ள."
>
> செல்வி கையை உள்ளே எடுத்து, பையின் ஜிப்பைத் திறந்தாள்.

இங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். கை இரண்டு முறை நீளுகிறது. முதல் முறை ராசம்மாவிடம் பொட்டலம் இருக்கிறது, ஆகவே மேல்காரணம் இருக்கிறது. இரண்டாம் முறை அவளிடம் ஒன்றுமில்லை. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. மகளின் கைக்கு வேறு வேலை கொடுத்து அதை உள்ளே அனுப்பிவிடுகிறாள். மறுப்பு ஒரு அக்கறையின் வடிவத்தில் வருகிறது. மார்க் சீட்டைப் பற்றிய கவலையும் பொய்யில்லை; காகிதத்தில் பெயர் இருந்ததாலும் இல்லாததாலும் வாழ்க்கை திரும்பியதைப் பார்த்தவள் அவள். ஆனால் அதை நாம் அங்கே எழுதவில்லை.

"அம்மா" என்பதற்குப் பின் அந்த மூன்று புள்ளிகள் ஏன் இருக்கலாம் என்றால், அது செல்வி பேச்சை முடிக்காமல் விட்ட இடம். எழுத்தாளர் விட்ட இடமில்லை.

இன்னொன்று. இந்தக் காட்சியில் மலையின் மூடுபனியும் தேயிலைச் சரிவும் வரவில்லை. மறைந்த துக்கம் என்றதும் பனியை இறக்கிவிடுவது மலைக்கதைகளில் சுலபமாக வரும் பழக்கம். பேருந்து நிலையத்தில் ஒருத்தி கையில் என்ன இருக்கிறது என்பதே வாசகர் கண்ணில் பட வேண்டும்; பனி இறங்கினால் அது மறைந்துவிடும்.

அவள் மனதுக்குள்ளேயே கதை நடந்தால்?

மேலே உள்ள காட்சி வெளியிலிருந்து பார்ப்பது. கதை முழுதும் ராசம்மாவின் மனதை ஒட்டியே போகிறது என்றால் நியாயமான கேள்வி எழும்: அவள் அதை நினைக்காமல் இருப்பாளா? நினைப்பதை எழுத்தாளர் வேண்டுமென்றே மறைத்தால் அது மோசடி இல்லையா?

இதற்கான பதில் மனிதர்கள் நினைக்கும் விதத்திலேயே இருக்கிறது. இருபத்தைந்து வருடமாக ஒன்றைத் தவிர்த்து வாழ்ந்தவர் அதை முழு வாக்கியமாக நினைப்பதில்லை. அது நெருங்கும்போது கவனம் சட்டென்று பக்கத்தில் இருக்கும் பொருளுக்குத் தாவிவிடும். அந்தத் தாவலை எழுதினால் போதும். ராசம்மாவின் மனம் எங்கே தாவும்? எண்ணிக்கைக்கு. அவள் தொழில் எண்ணிக்கையில் ஓடுகிறது: எத்தனை கிலோ, எத்தனை நிரை, எத்தனை நாள் கூலி. ஆகவே இப்படி எழுதலாம்: "செல்வி போனால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். வண்டியில் எத்தனை தலை என்று எண்ணினாள். பதினேழு. டிரைவரைச் சேர்த்தால் பதினெட்டு." எண்ணுவது ஏன் என்று அவளுக்கும் தெரியாது. இது மறைப்பு இல்லை. அவள் மனதில் உண்மையிலேயே அந்த நொடி இருந்தது எண்தான்.

இந்தத் தாவல் ஒவ்வொரு முறையும் ஒரே வகையான பொருளுக்குப் போக வேண்டும். ஒருமுறை எண், ஒருமுறை வானம், ஒருமுறை பறவை என்று மாறினால் வாசகருக்கு அது அழகு வர்ணனையாகத்தான் தெரியும்.

மற்றவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளட்டும்

விளக்கம் இல்லாத கதையில் வாசகர் மனம் விளக்கத்துக்கு ஏங்கும். அந்த ஏக்கத்துக்குத் தீனி போட ஒரு வழி, கதைக்குள் இருப்பவர் ஒருவர் தவறான விளக்கம் தருவது. செல்வி பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், "எங்கம்மாவுக்கு எல்லாத்துலயும் அவசரம். சின்ன வயசுலேருந்தே தோட்டத்து வேலை, அதான்" என்கிறாள். இது பாதி சரி. வாசகர் இதுவரை பார்த்தவற்றை இந்த விளக்கத்தோடு வைத்துப் பார்ப்பார், பொருந்தாத ஒரு மிச்சம் அவர் கையில் தங்கும். பைவாரைப் பிடித்ததற்கு அவசரம் காரணமாகலாம், மறுபடி நீண்ட கைக்கு மார்க் சீட்டைக் கேட்டதற்கு அவசரம் காரணமில்லையே. அந்த மிச்சத்தை நாம் சொல்ல முடியாது. வாசகர் தானே உணர வேண்டும்.

தவறான விளக்கம் சொல்பவர் முட்டாளாக இருக்கக் கூடாது, கொடுமைக்காரராகவும் இருக்கக் கூடாது. அன்பாக, அறிவோடு, கிடைத்த தகவலை வைத்துச் சொல்பவராக இருக்க வேண்டும். செல்விக்கு அதுதான் தெரியும்.

பழக்கம் உடையும் இடம்

நிறைய கதைகள் இந்த இடத்தில்தான் பயந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. கதாபாத்திரம் மாற வேண்டும் என்றால் அவள் யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டும் என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. இரவு, அடுப்பு, தோழி, அழுகை, பழைய கதை. அது தேவையில்லை. முடிவின் இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டால் போதும்.

ராசம்மாவின் முடிவில் இரண்டு பாதி இருக்கிறது: கூப்பிட்டால் போய் நிற்பது, கையைப் பிடிக்காமல் இருப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் சோதிக்கும் சூழ்நிலை எது? வடகிழக்குப் பருவமழைக் காலம், ஐப்பசி. கோத்தகிரிப் பக்கம் நல்ல மழை வரும் சமயம். சரிவு முழுக்கச் சேறு. மகள் போய் மூன்று மாதம் ஆகிறது. மாலை எடைக்குக் கீழே இறங்கும்போது வயதான மாரியக்கா மூட்டையோடு வழுக்கி, தேயிலைத் தூரில் மாட்டி நிற்கிறார். ராசம்மா முதலில் மூட்டைக் கயிற்றைப் பிடிக்கிறாள், வழக்கம்போல. கயிறு நழுவுகிறது. பிறகு கையைப் பிடிக்கிறாள். அந்த நேரம் கீழே எடைத் தராசுப் பக்கமிருந்து மேஸ்திரியின் குரல்:

> "ராசம்மா!"
>
> மாரியக்காவின் கை ஈரமாக இருந்தது. விரல்களில் கொழுந்தின் பிசுக்கு. ராசம்மா இன்னொரு கையையும் கொடுத்து மணிக்கட்டுக்கு மேலே பிடித்தாள்.
>
> "ராசம்மா! எங்க போனா அவ?"
>
> "போ புள்ள, கூப்புடறாங்க," என்றார் மாரியக்கா. "நான் மெள்ள வந்துக்கறேன்."
>
> "காலை அந்தக் கல்லுல வைங்கக்கா."
>
> கீழே வேறு யாரோ ஒருத்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இதுவரை வந்த ஒவ்வொரு காட்சியிலும் பெயர் கேட்ட நொடியே பதில் சொன்னவள், இங்கே இரண்டு முறை கேட்டும் வாய் திறக்கவில்லை. மாற்றம் முழுதும் அந்த மௌனத்தில் இருக்கிறது. ஆனால் இது வேலை செய்ய வேண்டுமென்றால் முன்னால் அவள் பதில் சொன்னதை வாசகர் குறைந்தது இரண்டு முறையாவது கேட்டிருக்க வேண்டும். ஆகவே இந்தக் காட்சியை எழுதி முடித்த பிறகு முன்பக்கங்களுக்குத் திரும்பிப் போங்கள். மஸ்டர் காட்சி, பரபரப்பான ஒரு பத்தியின் நடுவில் வந்திருக்கிறதா? "இருக்கேங்க" என்ற சொல் வாசகர் காதில் விழுந்து, ஆனால் நின்று யோசிக்காதபடி போயிருக்கிறதா? பத்தியின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் வருவது கண்ணில் குத்தும். நடுவில் வருவது உள்ளே போய் உட்காரும். முதல் முறை நடுவில் வையுங்கள், இரண்டாவது முறை கொஞ்சம் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள்.

மாரியக்கா "போ புள்ள" என்று சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று அப்பாயி அதைச் சொன்னாரா என்று என் குறிப்புகளில் எழுதிவைக்கவில்லை. எழுதும்போது வந்தது. மூன்று வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால் இப்படிப்பட்டவை தாமே வந்து சேர இடம் இருக்கும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது

கதையைப் படித்தவரிடம் "அவளுக்கு என்ன நடந்திருக்கும்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே அவரைத் துப்பறிய வைத்துவிடும். "ராசம்மா எப்படிப்பட்டவள்?" என்று கேளுங்கள், பிறகு "மழைக் காட்சியில் உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று கேளுங்கள். பதில்களைப் படிக்கத் தெரிந்தால் கோளாறு எங்கே என்று தெரியும்.

"பாசமில்லாத அம்மா" என்று பதில் வந்தால் மேல்காரணங்கள் போதவில்லை. கை நிறையச் சாமான் இருக்கும் காட்சி ஒன்றை முன்னால் சேர்க்க வேண்டும். மழைக் காட்சியில் "ஒரு பாட்டிக்கு உதவினாள், நல்லவள்" என்று மட்டும் வந்தால், பெயருக்குப் பதில் சொல்லும் பழக்கம் முன்னால் பதியவில்லை. "அவள் யாரையோ விட்டுவிட்டு வந்திருக்கிறாள் போல" என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் ஒரு வரிகூடச் சேர்க்கத் தேவையில்லை. "பாட்டியைக் கப்பலில் ஏற்றவில்லை, சரியா?" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் எங்கோ ஒரு வரி அதிகம். அநேகமாக அது நீங்கள் மிகவும் விரும்பி எழுதிய வரியாக இருக்கும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. கதையின் நிகழ்ச்சியே அந்தத் தகவலைச் சார்ந்திருந்தால் மறைக்கக் கூடாது. அக்கரையிலிருந்து சித்தப்பா மகன் ஒருநாள் வந்து லைன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான் என்றால், அப்பாயி யார், என்ன ஆனார் என்பது வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் வந்தவன் யார் என்றே புரியாது. அப்போதும்கூட, பிரிந்தது எப்படி என்பதைச் சொல்லிவிட்டு, கையை உதறியதை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியும். வந்தவன் தோளில் தொங்கும் பையை ராசம்மா வாங்கி வைப்பாள், தேநீர் போட்டுக் கொடுப்பாள், எல்லோருடைய நலத்தையும் கேட்பாள், திண்ணை நுனியில்தான் உட்கார்ந்திருப்பாள்.